“வேறை மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?”
கைமருந்து, பரியாரியார் மருந்து, கடைக் குளிசை பற்றிக் கேட்கும் விதம்

கிளினிக்கில் மருந்து கொடுக்கும் மேசையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தவன் நான். துண்டை வாங்கும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “வேறை மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?” பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் “இல்லை” என்பார்கள். நானும் “இல்லை” என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைப்பேன். அந்தப் பதிலில் பெரும்பகுதி உண்மையல்ல என்பதை ஓர் அம்மாவின் விடயத்தில்தான் விளங்கிக்கொண்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதுதான் பிழை.

2011 ஆம் ஆண்டு. வன்னியில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்காகக் கிழமைக்கு ஒரு நாள் நடமாடும் கிளினிக் நடந்தது. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முகாமில் இருந்தபோது சீனி வருத்தம் எனக் கண்டுபிடித்திருந்தார்கள். காலையும் மாலையும் மெற்போமின் 500 மில்லிகிராம் ஒவ்வொன்று, காலையில் கிளிக்லசைட் 80 மில்லிகிராம் குளிசையில் பாதி. இவைதான் அவருக்கு எழுதப்பட்டிருந்தவை. ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு, பற்றைபிடித்துக் கிடந்த காணியைத் துப்புரவாக்கும் வேலையில் இறங்கியிருந்தார்.

முதல் மாதம் கிளினிக்கில் வெறும்வயிற்றுச் சீனி 228. டொக்டர் கிளிக்லசைட்டை ஒரு முழுக் குளிசையாக்கினார். அடுத்த மாதம் 236. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மறுபடியும் கூட்டினார். கிளினிக் முடிந்து மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிபோல, மண்வெட்டியோடு நின்ற அம்மா வியர்த்து, கைகால் நடுங்கி, வரம்பிலே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சீனி 52. வெறும்வயிற்றில் 230 காட்டுகிற ஒருவருக்கு மூன்று நாளில் 52 ஆவது எப்படி? சாப்பிடாமல் விட்டிருப்பார் என்றார் ஒருவர். குளிசையைக் கூடப் போட்டிருப்பார் என்றார் இன்னொருவர். நான் மீண்டும் என் கேள்வியையே கேட்டேன். மீண்டும் “இல்லைத் தம்பி” என்றார்.

எங்களோடு வேலைசெய்த மூத்த மிசி ஒருவர் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் மரத்தடியில் வாங்கிலில் இருத்தினார். பக்கத்தில் தானும் இருந்தார். முன்னால் மேசை இல்லை, கையில் பேனை இல்லை. நான் தண்ணீர் எடுக்கும் சாட்டில் அருகே நின்றேன். அவர் கேட்டது இப்படி:

“அம்மா, எங்கட வீட்டில அம்மாவுக்கும் சீனிதான். அவ காலமை வெந்தயம் ஊறவிட்ட தண்ணி குடியாமல் இருக்கமாட்டா. நீங்கள் சீனிக்கு வீட்டில என்ன செய்து குடிக்கிறனீங்கள்?”

அம்மா சற்று யோசித்தார். “வெந்தயம் இல்லைப் பிள்ளை. கொவ்வையிலைதான். அது மருந்தில்லை, இலைதானே. வேலியில படர்ந்து கிடக்கு.”

அந்த ஒரு வசனத்தில் என் இருபது வருடப் பிழை முழுவதும் இருந்தது. எங்கள் சனத்துக்கு மருந்து என்றால் டொக்டர் தருவது; மிஞ்சினால் பரியாரியார் கட்டித் தருவது. கொவ்வையிலைச் சாறு மருந்தல்ல. கொத்தமல்லி அவித்த தண்ணீர் மருந்தல்ல. முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் மருந்தல்ல. கடையில் இரண்டு வாங்கிப் போடும் நோக் குளிசைகூட மருந்தல்ல, அது “சும்மா ஒரு குளிசை”. ஆகவே “வேறை மருந்து?” என்று கேட்டால் “இல்லை” என்பதே நேர்மையான பதில்.

மிசி கேட்டதில் இரண்டு விடயங்கள் இருந்தன. முதலாவது, மருந்து என்ற சொல்லே அதில் வரவில்லை. வருத்தத்தைச் சொல்லி, அதற்கு வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது, செய்கிறீர்களா என்று கேளாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் ஏதோ செய்கிறார்கள், அது வழமையான காரியம் என்ற எண்ணம் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நான் வேறு கிளினிக்குகளில் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன்: “நாட்டு மருந்து, இலை குழை ஒண்டும் குடிக்கிறேல்லைத்தானே?” இதற்கு யார் “ஓம்” என்று சொல்லப்போகிறார்கள்? கேட்கிறவர் விரும்பும் பதிலைக் கேள்வியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

பதில் வந்த பிறகு

பதில் கிடைத்தவுடன் கேட்பவரின் முகத்தில் என்ன தெரிகிறது என்பதை நோயாளி பார்த்துக்கொண்டே இருப்பார். “ஐயையோ, அதை ஏன் குடிச்சனீங்கள்?” என்று ஒரு சொல் வந்தால் அன்றோடு கதவு பூட்டப்பட்டுவிடும். மிசி முகம் மாறாமல், “கொவ்வையோ, நல்லது. எப்பிடிச் செய்யிறனீங்கள்?” என்றார். ஒரு சமையலைப் பற்றி விசாரிப்பது போலத்தான் இருந்தது. அம்மாவும் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். இரண்டு கைபிடி இலை. உரலில் இடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்து, விடியற்காலையில் வெறும்வயிற்றில் ஒரு தேநீர்க் குவளை. பிறகு குளிசை. பிறகு ஒரு வெறுந்தேத்தண்ணி. அதோடு காணிக்குப் போனால் மதியம்தான் சோறு.

“ஒவ்வொரு நாளுமோ, இடைக்கிடையோ?” என்று மிசி கேட்டார்.

“ஒவ்வொரு நாளும்தான். கிளினிக்குக்கு வாறதுக்கு முன்னம் நாலைஞ்சு நாள் மட்டும் விட்டிடுவன்.”

“ஏனம்மா?”

“இரத்தம் எடுத்துப் பாக்கேக்குள்ள தெரிஞ்சிடும், டொக்டர் பேசுவார் எண்டு சொல்லிச்சினம். முடிஞ்ச அண்டைக்கே திரும்பவும் குடிக்கத் தொடங்கிடுவன்.”

விடயம் அங்கே வெளிச்சமாகியது. கொவ்வையிலை இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் தன்மை உள்ளது என்பது இலங்கையிலேயே ஆய்வுசெய்து காட்டப்பட்ட ஒன்று. அம்மா நம்பியது வெறும் நம்பிக்கையல்ல. கிளினிக்குக்கு முன் அவர் அதை நிறுத்துகிறார், சீனி ஏறுகிறது. ஏறிய சீனியைப் பார்த்து டொக்டர் குளிசையைக் கூட்டுகிறார். வீட்டுக்குப் போய்க் கூட்டிய குளிசையோடு சாற்றையும் குடிக்கிறார், சாப்பாடு இல்லாமல் வெயிலில் மண் வெட்டுகிறார், சீனி விழுகிறது. விழுந்ததற்குச் சாறு மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. கிளிக்லசைட் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உழைத்தாலே சீனி இறங்கும். மூன்றும் ஒரே காலையில் சேர்ந்ததுதான் வினை. ஏசுவார்கள் என்ற பயம் இல்லாதிருந்தால் குளிசை அந்த அளவுக்குக் கூட்டப்பட்டே இராது.

மிசி கேட்ட மற்றக் கேள்விகளையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன். “எப்பவிலயிருந்து?” “ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். இந்த இரண்டாவது கேள்வியை ஒரு குற்ற விசாரணைபோலக் கேட்கக்கூடாது. அயலவரா, பரியாரியாரா, கடைக்காரரா என்று அறிந்தால் இன்னும் என்னென்ன தரப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். “குடிக்கிற நாளில உடம்பு எப்பிடி இருக்கு?” என்றார். அதற்கு அம்மா, “லேசா இருக்கும், ஆனால் பத்துப் பதினொரு மணிக்குக் கண் இருட்டும்” என்றார். இது பழைய கதை. ஒருவரும் கேட்காததால் ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக, “அது குடிக்கிற நாளில கிளினிக் குளிசையை விடுறனீங்களோ, குறைக்கிறனீங்களோ? கனபேர் அப்பிடிச் செய்யிறவை” என்றார். இந்தக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. மூலிகை எடுக்கும் சிலருக்குத் தீங்கு வருவது மூலிகையால் அல்ல, அதை நம்பி இன்சுலினையோ பிறஷர்க் குளிசையையோ நிறுத்துவதால்.

பிறகுதான் பேனையை எடுத்தார். “டொக்டருக்குக் காட்ட இதைக் கொப்பியில எழுதட்டோ?” என்று அனுமதி கேட்டு, அம்மாவின் சொற்களிலேயே எழுதினார்: கொவ்வையிலைச் சாறு, இரண்டு கைபிடி, வெறும்வயிறு, கிளினிக்குக்கு முன் நாலைந்து நாள் இல்லை. எழுதியதை வாசித்தும் காட்டினார்.

டொக்டர் ஏசவில்லை. கிளிக்லசைட்டைப் பழையபடி காலையில் பாதியாக்கினார். சாறாக வேண்டாம், விருப்பமென்றால் மற்ற இலைக்கறிபோல வறையாக்கி மதியச் சோற்றோடு சாப்பிடுங்கள், கிளினிக்குக்கு முன் எதையும் நிறுத்தவேண்டாம், காணிக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஏதாவது போடுங்கள் என்றார். அடுத்த இரண்டு கிழமையும் இடைக்கிடை மிசி போய்ச் சீனி பார்த்து வந்தார். இரண்டு மாதத்தின் பின் வெறும்வயிற்றில் 148. மயக்கம் திரும்ப வரவில்லை. ஒரு கைபிடி இலையில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று எவராலும் சொல்லமுடியாது. மண்ணுக்கு மண், மாரிக்கும் கோடைக்கும் அது மாறும். குளிசையில் 80 என்று எழுதியிருப்பதுபோல இலையில் எழுதியிருப்பதில்லை. ஆகவே இலையின் அளவைக் குளிசைக்கு ஏற்ப மாற்ற முடியாது. இலை இன்ன அளவு, இன்ன நேரம் என்று தெரிந்தால் குளிசையை அதற்கு ஏற்ப மாற்றலாம்.

வாசகர்களுக்கு இங்கே ஒன்று. சீனிக் குளிசை எடுக்கும் ஒருவர் வியர்த்து நடுங்கி, பசியெடுத்து, பேச்சுத் தடுமாறினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. தெளிந்தவுடன் சோறோ பாணோ சாப்பிட வேண்டும். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் பல மணித்தியாலம் வேலைசெய்வதால் சீனி மறுபடியும் விழலாம். எனவே தெளிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், உடனே கொண்டுபோங்கள்.

கடைக் குளிசை

இலை குழையைச் சொல்வதற்கு வெட்கப்படுவோர், கடைக் குளிசையைச் சொல்லாமல் விடுவது வேறு காரணத்துக்காக. அது அவர்கள் நினைவிலேயே இல்லை. “பனடோல் போடுவன்” என்பதோடு முடிந்துவிடும். இங்கேயும் நோவைச் சொல்லிக் கேட்பதே வழி: “இடுப்பு உளைவுக்குக் கடையில என்ன சொல்லி வாங்கிறனீங்கள்?” பெயர் தெரியாது என்பார்கள். “நிறம் என்ன? மட்டையிலயோ, கடதாசியில சுத்தியோ தாறவை? ஒரு தரத்துக்கு எத்தினை?” பிறகு, “அடுத்த முறை வெறும் மட்டை எண்டாலும் எறியாமல் கொண்டு வாருங்கோ” என்று சொல்லிவிடவேண்டும். நோயாளியிடம் வெட்டிய மட்டையின் துண்டு ஒன்று இருந்தால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

இதை ஏன் இவ்வளவு துருவவேண்டும்? டைக்குளோபினாக், இபுபுரோபன், மெபனமிக் அமிலம் ஆகிய நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. லொசாட்டன், எனலப்ரில் போன்ற பிறஷர்க் குளிசையும், நீர் போக்கும் குளிசையும் எடுக்கும் ஒருவர், நாள் முழுவதும் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து உழைத்துவிட்டு இரவு இவற்றையும் போட்டால், சிறுநீரகத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று பக்கத்தாலும் இடி. வவுனியா, மெதவச்சி, பதவியாப் பக்கங்களில் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. அதன் காரணம் முற்றாக நிறுவப்படவில்லை. நோக் குளிசைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இன்னொரு வகை, பெயரில்லாத தூளும் குளிசையும். “இரண்டு நாளில நோ பறந்திடும்” என்று தரப்படுபவை. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய சிலவற்றில் ஸ்ரெறோயிட்டு மருந்து கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அறிவது எப்படி? முகம் உருண்டு ஊதும், பசி கூடும், இதுவரை அடங்கியிருந்த சீனியும் பிறஷரும் காரணமில்லாமல் ஏறும். அதனால் “நோ எத்தினை நாளில விட்டது? முகம் ஊதினமாதிரி ஆரும் சொன்னவையோ?” என்றும் கேட்கவேண்டும். மாதக்கணக்கில் எடுத்தவரிடம் “உடனே நிப்பாட்டுங்கோ” என்று சொல்லிவிடக்கூடாது. உடல் அதற்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தூளோடு டொக்டரிடம் அனுப்புவதே முறை.

பழம், காய், கஞ்சி

“சீனிக்கு நல்லதெண்டு ஏதும் காய், பழம், கஞ்சி கூடுதலாச் சேர்க்கிறனீங்களோ?” இது தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி, ஏனெனில் சாப்பாட்டை எவரும் மருந்துக் கணக்கில் சொல்வதில்லை. காமரங்காய்ச் சாறு ஓர் உதாரணம். சீனிக்கு நல்லது என்று அதை வெறும்வயிற்றில் குடிக்கும் வழக்கம் உண்டு. அதில் ஒட்சலேற்று என்ற பொருள் நிறைய உண்டு; பெருமளவு சாறு உள்ளே போனால் அது சிறுநீரகத்தில் பளிங்குகளாகப் படியும். காமரங்காயால் சிறுநீரகம் பழுதடைந்த இரண்டு பேரைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் 2015 இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் எழுதினார்கள். பிலிங்காய்ச் சாறும் இதே இனம். சிறுநீரக நோய் உள்ள ஒருவர் காமரங்காய் சாப்பிட்டபின் விடாத விக்கலோ, வாந்தியோ, மனத்தடுமாற்றமோ வந்தால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆரோக்கியமான ஒரு பிள்ளை மரத்தில் பிடுங்கி ஒரு துண்டு கடிப்பதற்குப் பயப்படத் தேவையில்லை.

பரியாரியாரைப் பற்றிய பேச்சு

பரியாரியாரிடம் போவதை மறைப்பவர்கள் அநேகர். இடம்பெயர்ந்த காலங்களில் கிளினிக் எட்டாத இடத்தில் எங்களைப் பார்த்தவர் அவர்தான் என்ற நன்றியும் அதில் உண்டு. “பரியாரியாரைக் குறை சொல்லப் போகினம்” என்று தோன்றினால் நோயாளி அவரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் ஒரு படிப்பாகவே இருக்கிறது. அரசாங்கப் பதிவுபெற்ற சித்த வைத்தியர்களும் இருக்கிறார்கள். எனவே “ஆரிட்டைக் காட்டிறனீங்கள்? அவர் குடிநீர் தந்தவரோ, சூரணமோ, செந்தூரமோ?” என்று இன்னொரு வைத்தியரைப் பற்றி விசாரிப்பதுபோலவே விசாரிக்கலாம். வகையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. செந்தூரம், பற்பம் ஆகியவை உலோகமும் பாஷாணமும் சேர்ந்து செய்யப்படுபவை. செய்பக்குவம் பிழைத்தால் ஈயமோ பாதரசமோ உடலில் சேரும். குடிநீர்ச் சரக்குப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். “நீங்கள் இங்க எடுக்கிற குளிசையை அவருக்கும் காட்டுங்கோ” என்று சொல்வது, பரியாரியாரையும் மதித்ததாகும், அவர் தன் மருந்தை யோசித்துக் கொடுக்கவும் உதவும்.

யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் முக்கியம். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மாமியார் சொல்லமாட்டார். கணவர் நின்றால், பிள்ளைத்தாய்ச்சி தான் குடித்த கசாயத்தைச் சொல்லமாட்டார். கைக்குழந்தை என்றால் தாயைவிடப் பேர்த்தியாரைக் கேட்பதுதான் பயன். வசம்பு உரைத்துக் கொடுத்தது தாய்க்கே தெரியாமல் இருக்கும்.

இருநூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான், டொக்டரால் முடியாது. எங்கள் கிளினிக்கில் அதைத் தொண்டர்கள் வரிசையில் வைத்தே செய்தார்கள். ஒரு சின்னக் கடதாசித் துண்டில் மூன்று விடயம்: இந்த வருத்தத்துக்கு வீட்டில் என்ன செய்கிறீர்கள், நோவுக்கும் காய்ச்சலுக்கும் கடையில் என்ன வாங்குகிறீர்கள், வேறு ஆரிடம் காட்டுகிறீர்கள். பதில் எதுவானாலும் எந்த அளவு, எந்த நேரம், கடைசியாக எப்போது என்பதையும் சேர்த்து எழுதி, கொப்பியில் குத்திவிடுவார்கள். உங்கள் வீட்டு முதியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லும் பிள்ளையும் இதை முதல்நாள் இரவே எழுதலாம். நான் மேசையில் இருந்தபடி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எடுத்துக் கொடுப்பேன்.

அந்த அம்மா பிறகு கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் துண்டு எழுதுமட்டும் காத்திருப்பதில்லை. “தம்பி, இந்த மாதம் கொவ்வை காஞ்சு போச்சு, வறை இல்லை. சீனி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், டொக்டருக்குச் சொல்லிவிடும்” என்று மேசைக்கு வந்து சொல்லுவார்.